சாலை கடைசியில்தான் சொல்லும்

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சென்னை அண்ணா சாலையில், சர்ச் பார்க் பள்ளிக்கு அருகே, தார்ச்சாலை திடீரென்று உள்வாங்கியது. ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் குழிக்குள் இறங்கின. பயணிகள் அவசர அவசரமாக வெளியேறினார்கள், உயிரிழப்பு இல்லை. சாலைக்கு அடியில் மெட்ரோ ரயிலுக்கான சுரங்கப்பணி நடந்துகொண்டிருந்தது.

அன்று செய்தி பார்த்தவர்கள் பலருக்கும் ஒரே கேள்விதான் எழுந்தது. பேருந்தையே விழுங்கும் அளவுக்குப் பெரிய பள்ளம் ஒரு நொடியில் உருவாகிவிடுமா? அதற்கு முன்னால் சாலை கொஞ்சமாவது தாழ்ந்திருக்காதா, விரிசல் விட்டிருக்காதா? பூமிக்கடியில் வேலை நடக்கும்போது மேலே அளவெடுக்க ஆட்கள் இருப்பார்களே, அவர்கள் கண்ணில் படாதா?

சுரங்கப் பொறியியலில் இது நெடுநாள் கேள்வி. நிலம் இருவேறு விதமாக அசைகிறது என்பதில்தான் இதற்கான விடை தொடங்குகிறது. ஒரு வகை அசைவு மெதுவானது, கணக்குக்குக் கட்டுப்பட்டது, மில்லிமீட்டரில் அளக்கக்கூடியது. மற்றொன்று கீழேயே ஒளிந்து வளர்ந்து, கடைசி நிமிடத்தில் மட்டும் மேலே தலைகாட்டுவது. முதல் வகைக்காக வைத்த கருவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டாவது வகை கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

முதலில் கணக்குக்குக் கட்டுப்பட்ட அசைவைப் பார்ப்போம்.

மெட்ரோ சுரங்கங்களைப் பெரும்பாலும் டி.பி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் துளையிடும் இயந்திரங்கள்தான் தோண்டுகின்றன. ஆறரை மீட்டர் விட்டமுள்ள இரும்பு உருளை ஒன்று, முன்முகத்தில் சுழலும் பற்களால் மண்ணைச் சுரண்டியபடி முன்னேறும். அதன் வால்பகுதிக்குள்ளேயே கான்கிரீட் துண்டுகளை அடுக்கி ஒரு வளையம் கட்டுவார்கள். வளையம் முடிந்ததும், அதையே பிடிமானமாக வைத்து இயந்திரம் தன்னை முன்னே தள்ளிக்கொள்ளும். ஒவ்வொரு வளையத்துக்கும் சுமார் ஒன்றரை மீட்டர் பயணம்.

இந்த வேலையில் எடுத்த மண்ணின் அளவும் வைத்த கான்கிரீட்டின் அளவும் துல்லியமாகப் பொருந்துவதே இல்லை. முன்முகத்தில் மண் சற்று உள்ளே நகரும். இயந்திரத்தின் உடல், வளையத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வால் நகர்ந்ததும் வளையத்தைச் சுற்றி ஒரு சந்து விடுபடும். அந்தச் சந்தில் உடனே சிமென்ட் கலவையை அழுத்தி நிரப்புவார்கள். அதைக் கிரவுட் என்பார்கள். எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் சிறிதளவு வெற்றிடத்தை மண் வந்து அடைத்துக்கொள்ளும். அந்தச் சிறிதளவைத் துளையின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதுதான் மண்ணிழப்பு விகிதம். நல்ல மண்ணில், நன்றாக ஓட்டப்படும் இயந்திரத்தில் அது ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்.

ஒரு சதவீதம் என்றால் என்ன என்பதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். துளையின் விட்டம் 6.6 மீட்டர். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 34 சதுர மீட்டர். அதில் ஒரு சதவீதம் என்றால், சுரங்கத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 340 லிட்டர் மண் காணாமல் போகிறது. 200 லிட்டர் பீப்பாயில் ஒன்றே முக்கால் பீப்பாய். அந்த இழப்பு மேலே எப்படித் தெரியும்?

அமெரிக்க மண்ணியல் பொறியாளர் ரால்ஃப் பெக், 1969இல் மெக்சிகோ நகரில் நடந்த மாநாட்டில் இதற்கு ஓர் எளிய வடிவத்தை முன்வைத்தார். பல சுரங்கங்களின் மேல் எடுத்த அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாலையின் குறுக்கே ஏற்படும் தாழ்வு, தலைகீழாகக் கவிழ்த்த மணியின் வடிவில் இருந்தது. சுரங்கத்தின் நேர்மேலே தாழ்வு அதிகம். இருபுறமும் சரிந்து குறைந்து மறைந்துவிடும். மணி எவ்வளவு அகலம் என்பதைச் சுரங்கத்தின் ஆழமும் மண்ணின் தன்மையும் தீர்மானிக்கின்றன. மணலில் குறுகும், களிமண்ணில் விரியும். அரை நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் முதல்கட்டக் கணிப்பு இந்த மணியிலிருந்துதான் தொடங்குகிறது.

சுரங்கத்தின் மையம் தரையிலிருந்து 15 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, மண் மணலும் களியும் கலந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீத இழப்புக்கு நேர்மேலே சாலை சுமார் 23 மில்லிமீட்டர் தாழும். ஆறு மீட்டர் தள்ளி 14 மில்லிமீட்டர். பன்னிரண்டு மீட்டர் தள்ளி 3 மில்லிமீட்டர். அதற்கு அப்பால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 23 மில்லிமீட்டர் என்பது ஒரு விரலின் தடிமன். 30 மீட்டர் அகலத்தில் அது பரவும்போது பேருந்தில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது.

அதே சுரங்கம் 10 மீட்டர் ஆழத்தில் ஓடினால், தாழ்வு 34 மில்லிமீட்டராகக் கூடுகிறது. அதைவிட முக்கியமானது சரிவு. மணி குறுகிவிடுவதால், மீட்டருக்கு 2.3 மில்லிமீட்டராக இருந்த சரிவு 5.2 ஆகிறது. கட்டடங்களையும் குழாய்களையும் உடைப்பது வெறும் தாழ்வல்ல. ஒரு முனை தாழ்ந்து மறுமுனை தாழாமல் நிற்பதுதான். ஒரு தெரு முழுவதும் ஒரே சீராக இரண்டு அங்குலம் இறங்கினால் வீடுகள் பிழைத்துக்கொள்ளும். ஒரு வீட்டின் ஒரு மூலை மட்டும் இறங்கினால் சுவர் வெடிக்கும். ஆழம் குறையக் குறைய ஆபத்து கூடுவதன் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இயந்திரத்தின் முன்முகத்தில் இருக்கிறது. தோண்டிய மண்ணை முன்னறையில் நிரப்பி, அதன் அழுத்தத்தால்தான் எதிரே உள்ள மண்ணையும் நிலத்தடி நீரையும் இயந்திரம் தடுத்து நிறுத்துகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே பாயும். அழுத்தம் மிகுந்தால் மேலே கிடக்கும் மண்ணையே தூக்கிவிடும். சாலை புடைக்கும், பழைய கிணறு அல்லது ஆழ்துளைக் குழாய் வழியாகச் சேறும் நுரையும் தெருவில் பொங்கும். நமது மாதிரிச் சுரங்கத்தில், தண்ணீர் மட்டம் தரைக்கு மூன்று மீட்டர் கீழே என்றால், சுரங்கத்தின் உச்சியில் தண்ணீரைத் தடுக்க மட்டும் 0.9 பார் அழுத்தம் வேண்டும். மேலே உள்ள மண்ணின் மொத்த எடை தருவது சுமார் 2.2 பார். இந்த இரண்டுக்கும் நடுவே இயந்திரத்தை ஓட்டவேண்டும். சுரங்கத்துக்கு மேலே ஐந்து மீட்டர் மண் மட்டுமே இருந்தால் மேல் எல்லை ஒரு பாருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஓட்டுநருக்குத் தவறிழைக்க இடமே இல்லாமல் போகிறது.

இனி அளவெடுப்புக்கு வருவோம். சாலையின் குறுக்கே, சுரங்கத்தின் திசைக்குச் செங்குத்தாக, ஒரு வரிசையாகக் குறிகளைப் பதிப்பார்கள். நடுவில் ஒன்று, இருபுறமும் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு மீட்டரில் மற்றவை. இதுதான் கண்காணிப்பு வரிசை. சுரங்கப்பாதையின் நீளத்தில் இருபது, இருபத்தைந்து மீட்டருக்கு ஒன்று என இவை வரும். சில வரிசைகளில் மட்டும் கூடுதல் கருவிகள் இருக்கும்: மண்ணின் வெவ்வேறு ஆழங்களில் நங்கூரமிட்ட கம்பிகள், நீர்மட்டத்தின் அழுத்தத்தைக் காட்டும் பீசோமீட்டர்கள். ஓரத்துக் கட்டடங்களின் சுவரில் ப்ரிஸம் எனப்படும் சிறு கண்ணாடிகளைப் பதித்து, தானாகத் திரும்பித் திரும்பிக் குறிபார்க்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் இரவும் பகலும் படிப்பார்கள்.

இயந்திரம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அளவெடுப்பு தொடங்கிவிட வேண்டும். நிலம் சும்மா இருக்கும்போதே வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இயற்கையான அந்த அசைவு எவ்வளவு என்று தெரியாமல், இயந்திரத்தால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. நெரிசலான சாலைக்குள் நுழையும் முன், வெட்டவெளியிலோ பூங்காவுக்கு அடியிலோ உள்ள முதல் சில வரிசைகளில் மணியின் வடிவத்தை அளந்துவிடுவது. ஒரு சதவீதம் என்று கணித்த இடத்தில் உண்மையில் இரண்டு சதவீதம் போகிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டால், இயந்திரத்தின் அழுத்தத்தையும் கிரவுட்டையும் திருத்திக்கொண்டு சாலைக்கு அடியில் போகலாம்.

ஆனால் சாலை மீது அளவெடுப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. தார்ச்சாலையும் அதன் கீழே உள்ள ஜல்லி, கான்கிரீட் அடுக்குகளும் ஒரு பலகைபோல நிற்கும். கீழே மண் இறங்கிவிட்டாலும் பலகை இறங்காது. இருபுறத்துப் பிடிமானத்தில் பாலம்போல நீண்டிருக்கும். தார் மீது அறைந்த ஆணியைப் படித்தால் ‘மாற்றம் இல்லை’ என்றுதான் எண் வரும். அந்த எண் பொய்யல்ல. சாலையின் மேல்தோல் உண்மையிலேயே அசையவில்லை. அதற்குக் கீழே வெறும் காற்று இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

அதனால்தான் குறியைத் தார் மீது வைக்கக்கூடாது. சாலையைத் துளைத்து, ஒரு குழாயை உறையாகச் செருகி, அதற்குள் ஒரு கம்பியைச் சாலை அடுக்குகளுக்கு அடியிலுள்ள மண்ணில் ஊன்றவேண்டும். உறை இருப்பதால் சாலை கம்பியைப் பிடித்துக்கொள்ளாது. மண் இறங்கினால் கம்பியும் இறங்கும். மேலே ஒரு சிறு மூடி. ஓடும் வாகனங்களுக்கு நடுவே இதைச் செய்வது சிரமம், செலவும் கூட. இரவில் ஒரு தடத்தை மறித்துத்தான் துளையிட முடியும். ஆனாலும் நெரிசலான சாலைக்கு அடியில் போகும் எந்தச் சுரங்கத்திலும் இதைத் தவிர்ப்பதற்கு நியாயமே கிடையாது. மேல்தோலில் ஆயிரம் ஆணி அறைவதைவிட, தோலுக்குக் கீழே பத்துக் கம்பி ஊன்றுவது மேல்.

சரி, கம்பி ஊன்றியாகிவிட்டது. அப்போதும் பெரும்பள்ளத்தை முன்கூட்டி அறிய அது போதுமா? போதாது. இயந்திரத்தின் முன்முகத்தில் மண் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டால், உச்சிக்கு மேலே ஒரு பொந்து உருவாகும். பொந்தின் கூரை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்ந்தது அடியில் குவிய, பொந்து அப்படியே மேல்நோக்கி நகரும். நடுவே இறுகிய களிமண் அடுக்கு ஒன்று இருந்தால் அதன் கீழே வந்து நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் தங்கிவிடும். இதெல்லாம் இரண்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள இருபது மீட்டர் இடைவெளியிலேயே நடந்து முடியலாம். பெக்கின் மணி, ஒழுங்காக நகரும் மண்ணுக்கான கணக்கு. பொந்துக்கு மணி வடிவம் கிடையாது.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி தோக்கியோவின் சோஃபு பகுதி. 2020 அக்டோபர் 18 அன்று அங்கே ஒரு குடியிருப்புத் தெருவில் சுமார் ஐந்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் விழுந்தது. அடியில் 47 மீட்டர் ஆழத்தில், 16 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் இயந்திரம் நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை இயந்திரம் கடந்துபோய் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருந்தது. பிறகு துளையிட்டுத் தேடியபோது, அருகிலேயே நிலத்தடியில் முப்பது மீட்டர் அளவுக்கு நீண்ட பொந்து ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. விசாரணையில் தெரிந்தது இது: இரவில் வேலையை நிறுத்தி வைக்கும்போது முன்னறையில் மண் இறுகி, காலையில் சுழலும் முகம் நகர மறுத்தது. அதை விடுவிக்கச் செய்த வேலையில் முன்னே இருந்த மண் தளர்ந்தது. அதன் பிறகு தேவைக்கு மேல் மண் உள்ளே வந்தது. 47 மீட்டர் ஆழத்திலேயே இது மேலே வந்து சேர்ந்தது என்றால், பத்து, பதினைந்து மீட்டரில் சொல்லவே வேண்டாம்.

சோஃபுவில் தவறு தொடங்கிய இடம் சாலை அல்ல, இயந்திரத்தின் உள்ளே. பொந்தைப் பற்றிய முதல் தகவலும் அங்கேதான் கிடைக்கும். இயந்திரத்திலிருந்து வெளியே வரும் மண்ணின் எடை அது.

நமது மாதிரிச் சுரங்கத்துக்குத் திரும்புவோம். ஒரு வளையத்துக்கு இயந்திரம் 1.4 மீட்டர் நகர்கிறது என்றால், அது எடுக்கவேண்டிய மண் சுமார் 48 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.9 டன் என்று வைத்தால் 91 டன். கன்வேயர் பட்டைக்கு அடியில் உள்ள எடைமேடை 91க்கு அருகே காட்டினால் கவலையில்லை. ஒரு வளையத்துக்கு 100 டன் வந்தால்? ஒன்பது டன் அதிகம். ஏறக்குறைய ஐந்து கன மீட்டர் மண், எடுக்கக்கூடாத இடத்திலிருந்து வந்திருக்கிறது. அது ஒரு சின்ன அறையின் அளவு. அந்த நேரத்தில் மேலே சாலைக் கம்பிகள் ஒரு மில்லிமீட்டர்கூடக் காட்டாமல் இருக்கலாம்.

இதில் சிக்கலும் இருக்கிறது. மண்ணை இளக்குவதற்காக நுரையும் தண்ணீரும் சேர்ப்பார்கள். அவற்றின் எடையைக் கழிக்கவேண்டும். அடுக்குக்கு அடுக்கு மண்ணின் அடர்த்தி மாறும். பட்டையின் எடைமேடையே இரண்டு மூன்று சதவீதம் பிசகலாம். பாறையும் மணலும் பாதிப் பாதியாகக் கலந்து வரும் முகத்தில் நிலைமை இன்னும் மோசம். கீழ்ப்பாதியில் உள்ள பாறையை உடைக்க முகம் மெதுவாகச் சுற்றவேண்டும். அதற்குள் மேல்பாதியிலுள்ள மணல் ஓடி உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு வளையத்தின் எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அடுத்தடுத்த வளையங்களின் எடை, முன்முக அழுத்தம், வால்சந்தில் போன கிரவுட்டின் அளவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நமது சுரங்கத்தில் வால்சந்து வளையத்துக்கு மூன்றரை கன மீட்டர் என்றால், ஆறு கன மீட்டர் கிரவுட் தடையில்லாமல் உள்ளே போகும் வளையம், அங்கே வேறொரு வெற்றிடம் இருக்கிறது என்கிறது. எடை கூடி, அழுத்தம் சரிந்து, கிரவுட்டும் அதிகம் போயிருந்தால், சாலை என்ன சொன்னாலும் அந்த வளையத்தின் நேர்மேலே துளையிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

தரையை ஊடுருவும் ரேடாரைச் சாலையில் உருட்டிப் பார்த்தாலே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தாருக்குக் கீழே ஓரிரு மீட்டருக்குள் உள்ள பொந்தை அது காட்டும். ஈரக் களிமண் வந்துவிட்டால் அலை அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். எட்டு மீட்டர் ஆழத்தில் தங்கியிருக்கும் பொந்து அதற்குத் தெரியாது.

கண்காணிப்பு எண்களுக்கு எல்லைக்கோடுகள் உண்டு. கணித்த தாழ்வு 23 மில்லிமீட்டர் என்றால், 18இல் மஞ்சள், 25இல் சிவப்பு என்பதுபோல முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். தொகையோடு வேகத்துக்கும் எல்லை வேண்டும். இரண்டு வாரத்தில் சேர்ந்த ஐந்து மில்லிமீட்டரும் ஓர் இரவில் வந்த ஐந்து மில்லிமீட்டரும் ஒன்றல்ல. பெக் 1969இல் லண்டனில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் வற்புறுத்தியதும் இதைத்தான்: அளந்துகொண்டே வேலை செய்வது என்று முடிவெடுத்தால், எந்த எண் வந்தால் என்ன செய்வது என்பது அந்த எண் வருவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதே கூட்டம் போட்டு யோசிப்பதற்கு நிலம் அவகாசம் தராது.

மஞ்சள் வந்தால் வேலை பெரும்பாலும் அலுவலகத்திலும் இயந்திரத்திலும். அளவெடுப்பை மணிக்கணக்கில் நெருக்குவது, குறி பிசகியதா என்று மறுபடி படிப்பது, முன்முக அழுத்தத்தைத் திருத்துவது, கிரவுட்டைக் கூட்டுவது. சிவப்பு வந்தால் எல்லாரும் முதலில் சொல்வது ‘இயந்திரத்தை நிறுத்து’ என்பதுதான். அது எப்போதும் சரியல்ல. தளர்ந்த மணலுக்கு நடுவே நிறுத்திய இயந்திரத்தின் முன்னறையிலிருந்து அழுத்தம் மெல்லக் கசியும். நின்ற இடத்திலேயே மேலே மண் இறங்கிக்கொண்டிருக்கும். நிறுத்துவதாக இருந்தால் முன்னறையைப் பென்டோனைட் கலவையால் நிரப்பி அழுத்தத்தைப் பிடித்துவைக்க வேண்டும். இல்லையேல் கவனமாக நல்ல நிலம்வரை நகர்த்தி அங்கே நிறுத்தவேண்டும். எந்த நிலையில் எது என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒன்று.

சாலையில் செய்யவேண்டியதற்கு அப்படிப்பட்ட இரட்டை யோசனை கிடையாது. முதல் வேலை போக்குவரத்தை நிறுத்துவது. இரண்டாவது, தண்ணீர்க் குழாயின் வால்வை மூடுவது. இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலம் கொஞ்சம் தாழும்போதே, பழைய வார்ப்பிரும்புக் குழாயின் இணைப்பு திறந்துகொள்ளும். அதில் பீச்சும் தண்ணீர் மண்ணை அரித்துப் பொந்துக்குள் கொண்டுபோய்க் கொட்டும். சின்னப் பொந்து ஒரு மணி நேரத்தில் பெரும்பள்ளமாவது பெரும்பாலும் இப்படித்தான். எந்த வால்வு எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம், இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்பது தெரியாத இடர்த்திட்டத்தை முழுமையானது என்று சொல்ல முடியாது. சாலையை மறிக்கும் அதிகாரமும் அப்படித்தான். போக்குவரத்துக் காவலருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கும் நேரத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

அந்த நேரம் எவ்வளவு குறுகியது என்பதை இரண்டு நகரங்கள் காட்டின. இரண்டிலும் நிலத்தின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்று. சுரங்கத்தின் உச்சிக்கு மேலே நீர்புகாத ஓர் அடுக்கு. அதன் மேலே தண்ணீர் நிறைந்த மணலும் சரளையும். அந்த அடுக்குத்தான் கூரை. அது நினைத்ததைவிட மெலிதாக இருந்தது. இரண்டு இடத்திலும் துளையிடும் இயந்திரம் இல்லை. கொஞ்சம் தோண்டி, உடனே கான்கிரீட் தெளித்து, மறுபடி தோண்டும் முறை. முன்முகத்தில் தண்ணீரைத் தடுக்க அழுத்தம் ஏதும் கிடையாது.

முதலாவது ஜெர்மனியின் மியூனிக். 1994 செப்டம்பர் 20 மாலை, ட்ரூடரிங் பகுதியில் சுரங்க ரயில் பணிக்கு மேலே, சாலையில் நின்ற ஒரு நகரப் பேருந்தின் பின்பாதிக்கு அடியில் நிலம் திறந்தது. பேருந்து பின்பக்கமாகத் தண்ணீர் நிறைந்த குழிக்குள் சரிந்தது. மூன்று பேர் இறந்தார்கள். கீழே கூரையை உடைத்துத் தண்ணீர் புகுந்திருந்தது. மேலே சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டாவது ஜப்பானின் ஃபுகுவோகா. 2016 நவம்பர் 8, விடிவதற்கு முன். ஹகாட்டா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அகன்ற சாலைக்கு அடியில் நானகுமா தடத்தின் நீட்டிப்புக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்தின் உச்சியிலிருந்து கற்கள் உதிரத் தொடங்கின. பிறகு தண்ணீர் வந்தது. சுமார் ஐந்து மணிக்குத் தொழிலாளர்கள் வெளியே ஓடிவந்தார்கள். வந்தவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டதோடு நிற்கவில்லை. மேலே சாலையை மறிக்க ஏற்பாடு செய்தார்கள். 5.10க்கு வாகனங்கள் நிறுத்தப்பட்டன. 5.15க்குச் சாலை உடைய ஆரம்பித்தது. காலை விடிந்து பார்த்தபோது முப்பது மீட்டர் நீளமும் இருபத்தேழு மீட்டர் அகலமும் பதினைந்து மீட்டர் ஆழமும் கொண்ட குழி, ஐந்து வழிச் சாலையை முழுவதுமாகத் தின்றிருந்தது. சாக்கடை, எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் அதற்குள் தொங்கின. குழிக்குள் விழுந்தவர் ஒருவரும் இல்லை.

மியூனிக்கையும் ஃபுகுவோகாவையும் பிரித்தது அந்த ஐந்து நிமிடம். முதல் தகவல் சாலையிலிருந்து வரவில்லை; கீழே கல் உதிரும் ஓசையும் தண்ணீரும்தான் தகவல். அதைக் கேட்டவர்கள் மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் சாலையை மூட முடிந்தது. இடர்த்திட்டத்தில் நூறு பக்கம் எழுதலாம்; கீழே நிற்கும் கடைசித் தொழிலாளியின் கூச்சலுக்கும் மேலே சாலைத்தடுப்புக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குழியை நிரப்பிய விதமும் கவனிக்கத்தக்கது. உள்ளே தேங்கிய தண்ணீரை அவர்கள் இறைக்கவில்லை. இறைத்திருந்தால் பக்கச் சுவர்களைத் தாங்கிக்கொண்டிருந்த எடை போய், ஓரத்துக் கட்டடங்களும் சரிந்திருக்கும். தண்ணீருக்கு அடியிலேயே இறுகக்கூடிய, மண்ணும் சிமென்ட்டும் கலந்த குழம்பை லாரி லாரியாக ஊற்றினார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 15 விடியற்காலையில், சாலை திறக்கப்பட்டது. உலகப் பத்திரிகைகள் அந்த வேகத்தைக் கொண்டாடின.

கொண்டாட்டம் அடங்குவதற்குள் நவம்பர் 26 நள்ளிரவுக்குப் பிறகு அதே இடத்தில் சாலை மறுபடி ஏழு சென்டிமீட்டர் வரை தாழ்ந்தது. புதிதாக ஊற்றிய நிரப்புக்குக் கீழே தளர்ந்து கிடந்த மண், மேலே வந்த எடையில் அழுந்தியதுதான் காரணம் என்று நகர நிர்வாகம் சொன்னது. கொஞ்சம் தாழும் என்பது அவர்கள் எதிர்பார்த்ததே. ஆனால் சாலையில் போகும் மக்களிடம் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இந்த முறை கண்காணிப்புக் கருவிகள் இருந்தன. தாழ்வு தெரிந்ததும் சாலையைச் சில மணி நேரம் மூடி, கீழே பொந்து இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே காலையில் திறந்தார்கள்.

வல்லுநர் குழு 2017இல் தன் முடிவைச் சொன்னது: கூரையாக இருந்த அடுக்கின் தடிமனும் வலுவும் போதவில்லை, அதன் மேல் இருந்த நீரின் அழுத்தத்துக்குப் போதிய பாதுகாப்பு அளிக்கப்படவில்லை. ஆகவே மறுபடி தோண்டுவதற்கு முன், உச்சிக்கு மேலே உள்ள மண்ணை மேலிருந்து சிமென்ட்டால் இறுக்கிச் செயற்கையாக ஒரு கூரை அமைத்தார்கள். சாலைக்கு அடியில் எஞ்சியிருந்த தூரத்தை முடித்து, 2023 மார்ச் 27 அன்று அந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. தென்ஜின்-மினாமி நிலையத்துக்கும் ஹகாட்டாவுக்கும் இடையே உள்ள நீளம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை.